சுவருக்குப் பின்னால் பட்ட குண்டு

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் துப்பாக்கி விளையாட்டில் ஒரு குண்டு பட்டதா இல்லையா என்பதைச் சுட்டவரின் கணினி தீர்மானிப்பதில்லை. சுடப்பட்டவரின் கணினியும் தீர்மானிப்பதில்லை. தொலைவில் ஏதோ ஒரு கட்டடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்தான் அதைச் சொல்கிறது. ஆட்டக்காரர்களின் கணினிகள் அதனிடம் வெறும் கட்டளைகளையே அனுப்புகின்றன: முன்னால் நட, இந்தப் பக்கம் திரும்பு, விசையை அழுத்து. யார் எங்கே நிற்கிறார், யாருக்கு எவ்வளவு உயிர் மிச்சமிருக்கிறது என்ற அதிகாரபூர்வமான கணக்கு சர்வரிடம் மட்டுமே இருக்கும்.

இப்படி வைத்திருப்பதற்குக் காரணம் அவநம்பிக்கைதான். ‘நான் சுட்டேன், தலையில் பட்டது’ என்று ஆட்டக்காரரின் கணினி சொல்வதைச் சர்வர் அப்படியே ஏற்றுக்கொண்டால், அந்த நிரலைத் திருத்தத் தெரிந்த எவரும் சுவரைப் பார்த்துச் சுட்டுவிட்டு எல்லோரையும் வீழ்த்தியதாக அறிவித்துவிடலாம். அதனால் கவுன்டர்-ஸ்ட்ரைக் வகை ஆட்டங்களில் கணினி முடிவை அனுப்புவதில்லை, குறி வைத்த திசையை மட்டும் அனுப்புகிறது. அந்தத் திசையில் ஒரு கோட்டை நீட்டி, அது யாருடைய உடலில் முட்டுகிறது என்று பார்ப்பது சர்வரின் வேலை. உடலைக் கண்ணுக்குத் தெரியும் உருவமாகச் சர்வர் பார்ப்பதில்லை. தலை, மார்பு, வயிறு, கை, கால் ஆகியவற்றைச் சுற்றிப் போர்த்திய, கண்ணுக்குத் தெரியாத எளிய வடிவங்களாகவே பார்க்கிறது. இவைதான் ஹிட்பாக்ஸ்கள். கோடு எந்த ஹிட்பாக்ஸில் முட்டுகிறதோ அதற்கேற்பச் சேதம் கணக்கிடப்படுகிறது. ஆட்டக்காரர்கள் ‘ஹிட் ரெஜ்’ என்று சுருக்கிப் பேசுவது இந்தச் சோதனையைத்தான்.

சோதனை எளிது. அதை எந்த நேரத்துக்கு உரிய உலகத்தில் செய்வது என்பதுதான் சிக்கல்.

ஆட்டக்காரரின் திரையில் தெரிவது சர்வரில் ஏற்கெனவே நடந்து முடிந்தது. ஒளியிழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் போகும் ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். வேறு எந்தத் தடையும் இல்லாவிட்டாலும் அதில் ஒருமுறை போய்வர 32 மில்லி விநாடி ஆகும். இதன்மேல் வீட்டு வைஃபை, இணைய நிறுவனத்தின் ரவுட்டர்கள், சுற்றுவழிகள் எல்லாம் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. இப்படிப் போய்வரும் மொத்த நேரம்தான் பிங்.

பிங்கைத் தவிர, பலர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத இன்னொரு தாமதமும் இருக்கிறது. அது வேண்டுமென்றே வைக்கப்பட்டது. வால்வ் நிறுவனத்தின் சோர்ஸ் என்ஜினை எடுத்துக்கொள்ளலாம். அதன் இயல்பான அமைப்பில் சர்வர் ஆட்ட நிலவரத்தை ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் விநாடிக்கு 20 முறை, அதாவது 50 மில்லி விநாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. வந்ததை வந்த உடனே திரையில் வரைந்தால் எதிராளிகள் நடக்க மாட்டார்கள், விநாடிக்கு இருபது முறை இடம்விட்டு இடம் குதிப்பார்கள். அதனால் கணினி 100 மில்லி விநாடி பின்தங்கியே படத்தை வரைகிறது. இப்படிப் பின்தங்கி நிற்பதால், வரைய வேண்டிய கணத்துக்கு முந்தைய நிலவரமும் பிந்தைய நிலவரமும் கையில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் எதிராளி எங்கே இருந்திருப்பார் என்று கணக்கிட்டுச் சீராக நகர்த்தலாம். இதற்கு இடைக்கணிப்பு என்று பெயர். 50 போதாதா, ஏன் 100 என்றால், ஒரு நிலவரம் வழியில் தொலைந்தாலும் அடுத்ததை வைத்துச் சமாளிக்க வேண்டும் என்பதற்காக. `cl_interp` என்ற அமைப்பில் இருக்கும் `0.1` என்ற எண் இந்த 100 மில்லி விநாடிதான்.

ஆக, எதிராளிகள் எல்லோரும் திரையில் பழைய இடத்தில் தெரிகிறார்கள். ஆனால் ஆட்டக்காரரின் சொந்த உருவம் மட்டும் அப்படியில்லை. நடக்கும் விசையை அழுத்தினால் சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் அவருடைய கணினியே அவரை உடனே நகர்த்திக் காட்டுகிறது. சர்வரும் அதே கணக்கைப் போட்டு அதே இடத்தைத்தான் சொல்லும் என்ற நம்பிக்கையில் நடக்கும் முன்கணிப்பு இது. ஜான் கார்மாக் 1996-இல் குவேக்வேர்ல்டில் இதைக் கொண்டுவந்தார். அதற்குமுன் தொலைபேசி மோடத்தில் குவேக் ஆடியவர்கள் விசையை அழுத்திவிட்டுத் தங்கள் உருவம் நகரும்வரை காத்திருந்தார்கள். முன்கணிப்பு அந்தத் துன்பத்தைத் தீர்த்தது. கூடவே ஒரு முரணையும் கொண்டுவந்து சேர்த்தது: ஒரே திரையில் ஆட்டக்காரர் நிகழ்காலத்திலும் எதிராளிகள் கடந்தகாலத்திலும் நிற்கிறார்கள்.

துப்பாக்கிக் குறி இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. தன் திரையில் எதிராளியின் மார்பைச் சரியாகக் குறி பார்த்து ஒருவர் சுடுகிறார். கட்டளை சர்வரை அடைகிறது. அங்கே எதிராளி இந்நேரம் நகர்ந்துவிட்டார். சர்வர் தன் நிகழ்காலத்தை மட்டும் வைத்துச் சோதித்தால் குண்டு வெற்றிடத்தில்தான் போகும். 1999-இல் வந்த குவேக் 3 இப்படித்தான் சோதித்தது. அதை ஆடியவர்கள் தங்கள் பிங்குக்கு ஏற்ப எதிராளிக்கு முன்னால் குறி வைக்கப் பழகிக்கொண்டார்கள். பிங் மாறினால் அந்தப் பழக்கமும் பயனற்றுப் போகும். பிறகு ரசிகர்களே எழுதிய ‘அன்லேக்ட்’ என்ற திருத்தம் அந்த ஆட்டத்தில் இந்தக் குறையைச் சரிசெய்தது.

ஹாஃப்-லைஃப் என்ஜினில் வால்வ் கைக்கொண்ட தீர்வு வேறு வகை. அந்நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001-இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் அதை விரிவாக விளக்கி ஒரு கட்டுரை அளித்தார். பின்னர் வந்த பெரும்பாலான துப்பாக்கி விளையாட்டுகள் அந்தக் கட்டுரையின் வழியில்தான் நடந்தன. அடிப்படைக் கருத்து இதுதான்: சுட்டவர் சுட்ட கணத்தில் அவர் திரையில் உலகம் எப்படித் தெரிந்ததோ, அந்த நிலைக்குச் சர்வர் எதிராளிகளைப் பின்னுக்குத் திருப்பி வைத்துவிட்டுச் சோதிக்க வேண்டும். சோதனை முடிந்ததும் அவர்களை மீண்டும் நிகழ்காலத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். கிரிக்கெட்டில் மூன்றாவது நடுவர் ரன் அவுட்டைப் பார்க்க ஒளிப்பதிவைப் பின்னோட்டிப் பார்ப்பதைப் போன்றது இது. அங்கே ஆட்டம் நின்று காத்திருக்கும். இங்கே எதுவும் நிற்பதில்லை. இந்த முறைக்கு லேக் காம்பன்சேஷன் என்று பெயர். தமிழில் தாமத ஈடு எனலாம்.

ஓர் எடுத்துக்காட்டை எண்களோடு பார்த்தால் இது தெளிவாகும். ஒருவர் கதவு இடைவெளி ஒன்றை நேர் எதிரிலிருந்து, தொலைவில் நின்று குறி பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய பிங் 100 மில்லி விநாடி, போக 50, வர 50. இன்னொருவர் கத்தியைக் கையில் பிடித்தபடி அந்த இடைவெளியைக் கடந்து ஓடுகிறார். அவருடைய பிங் 60. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் கத்தியோடு ஓடும் வேகம் விநாடிக்கு 250 யூனிட், உடலின் அகலம் 32 யூனிட். கதவு இடைவெளியின் அகலம் 64 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். உடலின் நடுப்புள்ளி இடைவெளியின் நடுவிலிருந்து 48 யூனிட் தள்ளிப் போனால் ஓடுபவர் முழுக்கச் சுவருக்குப் பின்னால் மறைந்துவிடுவார்.

சர்வரின் கடிகாரத்தில் 9.900 விநாடி ஆகும்போது ஓடுபவர் இடைவெளியின் சரியான நடுவில் இருக்கிறார். கடிகாரம் 10.000 காட்டும்போது சர்வர் ஒரு நிலவரத்தை அனுப்புகிறது. அது 10.050-இல் சுடுபவரின் கணினிக்கு வந்து சேருகிறது. ஆனால் அந்தக் கணினி 100 மில்லி விநாடி பின்தங்கி வரைவதால், அந்தக் கணத்தில் அவர் திரையில் தெரிவது 9.900-இன் காட்சி. ஓடுபவர் கதவின் நடுவில் தெரிகிறார். குறி மார்பின் மேல் இருக்கிறது. சுடுபவர் விசையை அழுத்துகிறார். கட்டளை 10.100-இல் சர்வரை அடைகிறது.

அந்த நேரத்தில் சர்வரின் கணக்கில் ஓடுபவர் எங்கே? நடுவிலிருந்து 200 மில்லி விநாடி ஓடியாயிற்று, அதாவது 50 யூனிட். மறைவதற்கு 48 போதும். குண்டு வந்து சேருவதற்கு 8 மில்லி விநாடி முன்பே அவர் சுவருக்குப் பின்னால் போய்விட்டார். குவேக் 3-இன் பழைய முறையில் இந்தக் குண்டு யார்மேலும் படாமல் கதவு வழியே போயிருக்கும்.

தாமத ஈட்டு முறையில் சர்வர் வேறுவிதமாகக் கணக்குப் போடுகிறது. சுடுபவரின் பிங் 100, அவருடைய கணினி வைத்திருக்கும் இடைக்கணிப்புத் தாமதம் 100, இரண்டும் சேர்ந்து 200. இந்த இடைக்கணிப்பு எண்ணை அவரது கணினியே சர்வருக்குத் தெரிவித்துவிடுகிறது. 10.100-இலிருந்து 200 மில்லி விநாடியைக் கழித்தால் 9.900. சர்வர் ஓடுபவரின் ஹிட்பாக்ஸ்களை 9.900-இல் அவர் இருந்த இடத்துக்குத் திருப்பி வைக்கிறது, கோட்டை நீட்டுகிறது, மார்பில் முட்டுகிறது. அடி பதிவாகிறது. ஹிட்பாக்ஸ்கள் மறுபடி சுவருக்குப் பின்னால் திரும்புகின்றன. இத்தனையும் ஒரே டிக்குக்குள் முடிந்துவிடும். டிக் என்பது சர்வர் உலகத்தை ஓரடி முன்னால் நகர்த்தும் ஒரு கணக்குச் சுற்று. சோர்ஸ் என்ஜினில் இயல்பாக ஒரு டிக் 15 மில்லி விநாடி.

பின்னுக்குத் திருப்ப வேண்டுமானால் பழையது எங்காவது பதிவாகி இருக்க வேண்டும். சர்வர் ஒவ்வொரு டிக்கிலும் ஒவ்வொரு ஆட்டக்காரரின் இடம், திரும்பியிருக்கும் கோணம், குனிந்திருக்கிறாரா நிமிர்ந்திருக்கிறாரா என்பதால் மாறும் உடல் அளவு, அசைவுப் படத்தில் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பனவற்றைக் குறித்து வைக்கிறது. கடைசியாகச் சொன்னது முக்கியமானது. ஓடும்போது தலை மேலும் கீழும் ஆடுகிறது, துப்பாக்கியில் குண்டு மாற்றும்போது தோள் சாய்கிறது. இடத்தை மட்டும் திருப்பி, அசைவைத் திருப்பாமல் விட்டால் மார்புக் குண்டு சரியாக இருக்கும், ஹெட்ஷாட் மட்டும் தவறும். தேவைப்படும் கணம் இரண்டு பதிவுகளுக்கு நடுவில் விழுந்தால் சர்வரும் இடைக்கணிப்புச் செய்துகொள்கிறது.

எல்லோரையும் எப்போதும் திருப்பிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. தானியங்கித் துப்பாக்கியோடு பத்துப் பேர் ஒரே நேரத்தில் சுட்டால் வேலை பெருகிவிடும். அதனால் சுடுபவரின் பார்வைக்கு வரவே முடியாத இடத்தில் இருப்பவர்களையும், அவர் பார்க்கும் திசையை விட்டு வெகுவாக விலகி நிற்பவர்களையும் சோர்ஸ் என்ஜின் தொடுவதில்லை. அடுத்தடுத்த இரண்டு பதிவுகளுக்கு இடையே ஒருவர் 64 யூனிட்டுக்கு மேல் நகர்ந்திருந்தால், அவர் ஓடவில்லை, ஏதோ வழியில் இடம் பெயர்க்கப்பட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, அதற்கு முந்தைய பதிவுகளுக்குப் போகாமல் நிறுத்திக்கொள்கிறது. இல்லாவிட்டால் ஒருவர் இடம் பெயர்ந்த பிறகும், இரண்டு இடங்களுக்கும் நடுவே அவர் ஒருபோதும் நிற்காத ஓரிடத்தில் அவரைச் சுட்டு வீழ்த்த முடியும்.

இப்போது சுடப்பட்டவரின் பக்கத்திலிருந்து இதே நிகழ்ச்சியைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஆட்டக்காரர்களின் புகார்களில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது. ஓடுபவரின் திரையில் அவருடைய சொந்த உருவம் முன்கணிப்பால் நகர்கிறது. அவருடைய கட்டளை சர்வரை அடைய 30 மில்லி விநாடி ஆகும். எனவே சர்வர் 9.900-இல் கதவின் நடுவில் அவரைப் பார்த்தது என்றால், அவர் தன் திரையில் அந்த இடத்தை 9.870-லேயே கடந்துவிட்டார். குண்டு பட்ட செய்தி சர்வரிலிருந்து 10.100-இல் புறப்பட்டு 10.130-இல் அவரை அடைகிறது. கதவின் நடுவைக் கடந்ததற்கும் விழுந்ததற்கும் இடையே அவர் அனுபவத்தில் 260 மில்லி விநாடி ஓடிவிட்டது. அந்த நேரத்தில் 65 யூனிட் ஓடியிருக்கிறார். மறைவுக்கு 48 போதும் என்னும்போது, முழுக்க மறைந்த பிறகும் அரை உடல் அகலத்துக்கு மேல் சுவருக்குப் பின்னால் போய்விட்டார். அங்கே விழுகிறார். அவர் கண்ணுக்குக் குண்டு சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது போலத்தான் தோன்றும்.

இந்த 260 எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தால்: சுட்டவரின் பிங் 100, சுட்டவரின் இடைக்கணிப்பு 100, சுடப்பட்டவரின் பிங் 60. ‘எனக்குப் பிங் வெறும் 10, எனக்கு ஏன் இப்படி நடக்கிறது?’ என்ற கேள்விக்கு இந்தக் கூட்டலிலேயே பதில் இருக்கிறது. கூட்டுத்தொகையில் பெரும்பங்கு எதிராளியுடையது. தன் பிங் என்னவாக இருந்தாலும், பிங் 200 உள்ள ஒருவர் சுட்டால் சுவருக்குப் பின்னால் சாக வேண்டியதுதான்.

யாருக்கு அநீதி என்ற கேள்வியை எந்த நிரலாலும் ஒழிக்க முடியாது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்ற மட்டுமே முடியும். தாமத ஈடு இல்லையென்றால், சரியாகக் குறி பார்த்துச் சுட்டவர் ஏமாற்றப்படுகிறார். இருந்தால், சரியான நேரத்தில் ஒளிந்தவர் ஏமாற்றப்படுகிறார். பெர்னியரின் கட்டுரையே இந்த முரணை மறைக்காமல் பேசுகிறது. வால்வ் சுட்டவரின் பக்கம் நின்றதற்கு நியாயம் உண்டு. குறி பார்த்துச் சுடுவது நிமிடத்துக்குப் பல முறை நடப்பது, ஒவ்வொரு முறையும் அது பொய்த்தால் ஆட்டமே ஆட்டமாக இருக்காது. சுவரைத் தாண்டும் அந்தக் கணத்தில் சரியாகச் சுடப்படுவது எப்போதாவது நடப்பது. வெட்டவெளியில் சுடப்பட்டவருக்கு, குண்டு 200 மில்லி விநாடிக்கு முந்தைய தன் உடலில்தான் பட்டது என்று தெரியவே தெரியாது.

2016-இல் வந்த ஓவர்வாட்ச் இதே கொள்கையைச் சில விலக்குகளோடு எடுத்துக்கொண்டது. பொதுவாகச் சுட்டவர் பக்கம். ஆனால் தப்பிப்பதற்கென்றே தரப்பட்ட திறன் ஒன்றை எதிராளி உரிய நேரத்தில் பயன்படுத்திவிட்டால், தீர்ப்பு தப்பித்தவர் பக்கம் போகலாம். தப்பிக்கும் திறனை அழுத்திய பிறகும் செத்தால் அந்தத் திறனுக்கே பொருளில்லாமல் போய்விடும் என்பதே இதன் காரணம். ஆட்ட வடிவமைப்பாளரின் விருப்பம் நேரடியாகச் சர்வர் கணக்கில் நுழையும் இடம் இது.

தாமத ஈட்டின் மேல் அடிக்கடி சுமத்தப்படும் ஒரு பழி மட்டும் தவறானது. மூலையில் காத்திருப்பவரை, மூலையைத் தாண்டி வெளியே பாய்பவர் முதலில் பார்த்துவிடுவது பழக்கமான குறை. பாய்பவர் தன் திரையில் உடனே நகர்ந்து, அசையாமல் நிற்கும் எதிராளியைப் பார்த்துவிடுகிறார். காத்திருப்பவருக்கோ பாய்பவரின் அசைவு சர்வர் வழியாக வந்து, இடைக்கணிப்புத் தாமதமும் கழிந்த பிறகுதான் தெரியும். மேலே சொன்ன இருவரையே எடுத்துக்கொண்டால், பாய்பவர் பிங் 100 உள்ளவராக இருந்தால் 50, 30, 100 சேர்ந்து 180 மில்லி விநாடி அவருக்கு முன்கூட்டியே கிடைக்கிறது. மனிதர் கண்ணால் கண்டு கையால் செயல்பட எடுத்துக்கொள்ளும் நேரமே ஏறக்குறைய 200 மில்லி விநாடி என்பதை நினைத்தால், இது சிறிய சலுகை இல்லை. ஆனால் தாமத ஈட்டை நிறுத்திவிட்டாலும் இந்தச் சலுகை அப்படியே இருக்கும், ஏனென்றால் இது முன்கணிப்பும் தொலைவும் சேர்ந்து தருவது. இதைக் குறைக்க வேண்டுமானால் தாமதங்களையே குறைக்க வேண்டும். 2020-இல் வெளியான வேலரன்ட் விநாடிக்கு 128 டிக் ஓடும் சர்வர்களை வைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். டிக்கின் இடைவெளி 8 மில்லி விநாடிக்கும் கீழே இறங்கினால், இடைக்கணிப்புக்கு 100 மில்லி விநாடி காத்திருக்கத் தேவையில்லை.

பின்னுக்குத் திருப்புவதற்கு எல்லை வைப்பது கட்டாயம். எல்லை இல்லாவிட்டால், இணைப்பை வேண்டுமென்றே சில விநாடி அறுத்து வைத்துக்கொண்டு, எதிராளிகள் போய்விட்ட இடங்களில் நிதானமாக அவர்களைச் சுட்டுவிட்டு இணைப்பைத் திறந்துவிடலாம். சோர்ஸ் என்ஜினில் `sv_maxunlag` என்ற அமைப்பு இந்த எல்லையைச் சொல்கிறது. அதன் இயல்பான மதிப்பு 1 விநாடி. அது மிகத் தாராளம். அந்த ஒரு விநாடியில் கத்தியோடு ஓடுபவர் 250 யூனிட் போய்விடுவார், ஏறக்குறைய எட்டு உடல் அகலம். எல்லைக்கு மேல் தாமதம் உள்ளவருக்கு அந்த எல்லைவரை மட்டுமே ஈடு கிடைக்கும், மிச்சத்துக்கு அவர் குவேக் காலத்து முறையில் முன்னால் குறி வைத்துத்தான் சுட வேண்டும்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. சர்வர் தானாகப் பிங்கை அளந்து கழிப்பதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு கட்டளையிலும் அது எந்த டிக்கைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது என்ற எண் இருக்கும். பிங் நொடிக்கு நொடி ஏறி இறங்குவதால், அளந்த சராசரியைவிட இந்த எண்ணே துல்லியம். ஆனால் எண்ணை எழுதுவது ஆட்டக்காரரின் கணினி. அதனால் சர்வர் அந்த எண்ணைத் தன் சொந்த அளவீட்டோடு ஒப்பிடுகிறது. இரண்டுக்கும் வேறுபாடு 200 மில்லி விநாடிக்குள் இருந்தால் கட்டளையில் இருக்கும் எண்ணை நம்புகிறது, மேலே போனால் தன் அளவீட்டை எடுத்துக்கொள்கிறது. ஏமாற்று நிரல் எழுதுபவர்கள் இந்த 200 மில்லி விநாடி விட்டுக்கொடுப்பைக் கண்டுபிடித்தார்கள். ‘பேக்டிராக்’ என்று அவர்கள் பெயரிட்ட நிரல், கட்டளையில் உள்ள டிக் எண்ணைத் திருத்தி, எதிராளி சற்றுமுன் விட்டுச்சென்ற இடத்தையே சர்வர் சோதிக்கும்படி செய்தது. எதிராளி மூலைக்குள் போன பிறகும், அவர் கடைசியாகத் தெரிந்த இடத்தில் சுட்டு அடி வாங்கவைக்க அதனால் முடிந்தது. நேர்மையான ஆட்டக்காரரின் ஏறி இறங்கும் இணைப்பைச் சமாளிக்க வைத்த இடம்தான் ஏமாற்றுக்காரருக்குப் பயன்பட்டது. வேறுபாட்டின் எல்லையைச் சுருக்கினால் நேர்மையானவரின் குண்டுகள் தவறும்.

எல்லாக் குண்டுகளுக்கும் இந்த ஈடு கிடையாது. விசையை அழுத்திய கணத்திலேயே பட்டுவிடும் துப்பாக்கிக் குண்டுக்கு மட்டும்தான் உண்டு. டீம் ஃபோர்ட்ரெஸ் 2-இல் சோல்ஜர் ஏவும் ராக்கெட் பறந்து போக நேரம் எடுக்கும். அதைப் பார்த்து ஒதுங்கவும் முடியும். ராக்கெட்டைக் கடந்தகாலத்தில் ஏவியதாக எடுத்துக்கொண்டால், எதிராளியின் திரையில் அது முகத்துக்கு நேரே பாதி வழியில் திடீரென்று தோன்றும், ஒதுங்குவது என்ற பேச்சுக்கே இடமிருக்காது. அதனால் ராக்கெட் சர்வரின் நிகழ்காலத்தில் புறப்படுகிறது, ஏவுபவர் தன் பிங்குக்கும் சேர்த்து முன்னால் குறி வைக்கிறார்.

இறந்தவரின் குண்டுக்கும் ஈடு இல்லை. இருவர் ஒருவரையொருவர் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சுடும்போது, யாருடைய கட்டளை முதலில் சர்வரை அடைகிறதோ அவர் பிழைக்கிறார். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ஒருவர் சர்வரின் கணக்கில் இறந்த பிறகு வரும் அவருடைய சுடும் கட்டளை நிறைவேற்றப்படுவதில்லை. அவர் திரையில் துப்பாக்கி வெடித்திருக்கும், சத்தம் கேட்டிருக்கும், ஆனால் சர்வரைப் பொறுத்தவரை அந்தக் குண்டு சுடப்படவே இல்லை. ‘என் குண்டு பதிவாகவில்லை’ என்ற புகார்களில் ஒரு பகுதி இதுதான். பின்னுக்குத் திருப்பும் கணக்கில் இங்கே பிழை எதுவும் இல்லை.

இவற்றையெல்லாம் கண்ணால் பார்க்கவும் முடியும். சோர்ஸ் என்ஜின் ஆட்டம் ஒன்றில் சொந்தக் கணினியிலேயே சர்வரைத் தொடங்கி, கன்சோலில் இந்த வரிகளைக் கொடுத்தால் போதும்:

```
sv_cheats 1
net_fakelag 200
sv_showimpacts 1
```

இரண்டாவது வரி 200 மில்லி விநாடி செயற்கைத் தாமதத்தை உண்டாக்குகிறது. மூன்றாவது வரி குண்டு பட்ட இடங்களையும் ஹிட்பாக்ஸ்களையும் வரைகிறது: சுட்டவரின் கணினி கண்டது சிவப்பில், சர்வர் கணக்கிட்டது நீலத்தில். ஓடும் ஓர் எதிராளியைச் சுட்டால், சிவப்பு உருவமும் நீல உருவமும் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்றாக விழும். உண்மையான எதிராளியோ இரண்டையும் விட்டுவிட்டு முன்னால் ஓடிக்கொண்டிருப்பார். பிறகு `sv_unlag 0` என்று கொடுத்துத் தாமத ஈட்டை நிறுத்திவிட்டு அதே மார்பைச் சுட்டால் குண்டு படாது. எதிராளி நின்ற இடத்திலேயே நின்றால் மட்டும் இரண்டு நிலையிலும் படும்.

உண்மையான ஆட்டத்தில் குண்டுகள் தவறும்போது பார்க்க வேண்டியது `net_graph 1` காட்டும் எண்களை. பிங் அதிகமாக இருந்தும் ஏறி இறங்காமல் இருந்தால், தாமத ஈடு பெரும்பாலும் தன் வேலையைச் சரியாகச் செய்யும். தொல்லை கொடுப்பது பாக்கெட் இழப்பு. வர வேண்டிய நிலவரங்கள் தொடர்ந்து தொலைந்தால் இடைக்கணிப்புக்கு இரண்டு முனைகள் கிடைக்காது. கணினி எதிராளியின் கடைசி வேகத்தை வைத்துக் கால் விநாடிவரை ஊகித்து நகர்த்திக் காட்டும். அப்போது திரையில் தெரியும் இடம் சர்வரின் எந்தப் பதிவிலும் இல்லாதது. ஓடுபவர் திடீரென்று திரும்பியிருந்தால், ஊகித்த உருவத்தைச் சுட்ட குண்டை எவ்வளவு பின்னுக்குத் திருப்பினாலும் சர்வரால் பொருத்த முடியாது. `cl_interp` மதிப்பை அளவுக்கு மீறிக் குறைத்து வைப்பவர்களுக்கும் இதேதான் நேரும். தாமதம் குறைகிறது என்று நினைத்துச் செய்வார்கள். மோசமான இணைப்பில் அது ஊகத்தைத்தான் கூட்டும்.

டிக்குகளுக்கு இடையில் விழும் நேரம் என்ற சிறிய பிழை மட்டும் பல ஆண்டுகள் அப்படியே இருந்தது. விநாடிக்கு 64 டிக் ஓடும் சர்வரில் ஒரு டிக் 15.6 மில்லி விநாடி. அதற்குள் எப்போது விசையை அழுத்தினாலும் அந்த டிக்கில் நடந்ததாகவே கணக்கிடப்பட்டது. கத்தியோடு ஓடுபவர் அதற்குள் 4 யூனிட் நகர்ந்துவிடுவார். மார்புக்கு அது பொருட்டல்ல, தொலைவில் சிறிதாகத் தெரியும் தலைக்குப் பொருட்டுதான். 2023-இல் வந்த கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டிக்குக்குள் விசை அழுத்தப்பட்ட சரியான கணத்தையும் கட்டளையோடு சேர்த்து அனுப்பத் தொடங்கியது. சப்-டிக் என்ற பெயரில் வந்த இந்த மாற்றத்தால் சர்வர் டிக்கின் எல்லைக்குப் பதிலாக அந்தக் கணத்துக்கே உலகத்தைத் திருப்பிப் பார்க்கிறது. சுவருக்குப் பின்னால் சாவதை அது தடுக்கவில்லை. பிங்குகளின் கூட்டுத்தொகை மாறாதவரை அதைத் தடுக்கவும் முடியாது.